பஸ் வரும் நேரமும் வீட்டை விட்டுப் புறப்படும் நேரமும்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இங்கே கூடியிருக்கும் நம்மிற் பலரும் கலகெதரத் தரிப்பிடத்தில் கண்டி பஸ்ஸுக்குக் காத்து நின்று பழகியவர்கள். குருநாகலிலிருந்து மாவத்தகம வழியாக மலையேறி வரும் பஸ்ஸைத்தான் சொல்லுகிறோம். அது வரும் நேரத்தைச் சொல்லக்கூடியவர் எவருமிலர். ஒரு நாள் இருபது நிமிடத்தில் இரண்டு வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். மறுநாள் முக்கால் மணித்தியாலம் ஒன்றும் வராது. பெரியவர்கள் இதற்குக் கண்ட பரிகாரம் அரை மணித்தியாலம் முந்திப் போய் நிற்பது. இளைஞராகிய நாம் கண்ட பரிகாரம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருப்பது. இரண்டாவது பரிகாரத்தால் நாம் ஒரு நாள் கெட்டோம். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

மாவத்தகமவில் ஏறும் நம் சங்கத்து நண்பர் ஒருவர் தினமும் பேராதனை வரை நம்முடன் பிரயாணம் செய்கிறவர். அவர் பஸ்ஸில் ஏறியதும் வாட்ஸப் மூலம் தாம் இருக்குமிடத்தை ஒரு மணித்தியாலத்துக்கு நமக்குக் காட்டும்படி செய்துவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கும் பஸ் நம் தொலைபேசியிலுள்ள தேசப்படத்தில் ஒரு புள்ளியாக ஊர்ந்து வரும். அன்று நமக்குச் சர்வகலாசாலையில் ஒரு பரீட்சை. புள்ளி மாவத்தகமவிலேயே ஆறு நிமிடம் அசையாமல் நின்றது. பிரயாணிகளைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டோம். ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று இரண்டாவது கோப்பைத் தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தோம். அம்மா இரண்டு தரம் வாசலைக் காட்டினார். நாம் தொலைபேசியைக் காட்டினோம். பின்னர் நடந்ததை நண்பர் சொல்லித்தான் அறிந்தோம். பின்னால் இன்னொரு பஸ் வந்துவிட்டதாம். அதைக் கண்ட சாரதி எங்கும் நிறுத்தாமல் மலையை ஏறிவிட்டார். நாம் தரிப்பிடத்துக்கு இருநூறு யார் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது பஸ்ஸின் பின்புறத்தைத்தான் கண்டோம். அடுத்த பஸ் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. பரீட்சை மண்டபத்தின் கதவு அதற்கு முன்பே மூடியாயிற்று.

இது நம் பாதையில் மாத்திரம் நடக்கும் விநோதம் என்று எண்ணியிருந்தோம். அப்படியல்ல. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் லூயு லியூ, ஹார்வி மில்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர் அந்நகரப் பஸ்கள் செயலியில் காட்டிய நேரத்தையும் உண்மையில் தரிப்பிடத்துக்கு வந்த நேரத்தையும் நீண்ட காலம் ஒப்பிட்டுப் பார்த்து, 2020ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். செயலி சொல்லும் நிமிடத்துக்குச் சரியாகத் தரிப்பிடத்தை அடைய வேண்டும், ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று புறப்படுகிறவரை அவர்கள் பேராசைக்காரர் என்று பெயரிட்டார்கள். அவர் நான்கில் மூன்று பங்கு தடவை பஸ்ஸைத் தவறவிடுவார் என்றும், சராசரியாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பார் என்றும் கணக்கு வந்தது. அச்சிட்ட நேர அட்டவணையை மட்டும் நம்பிப் போனவர் அதனிலும் மிகக் குறைவாகவே காத்திருந்தார்!

காரணம் நம் கதையிலுள்ள காரணமே. பிந்தி ஓடும் பஸ் பிந்தியபடியே இருப்பதில்லை. அட்டவணைக்குப் பிந்திவிட்ட சாரதி விட்ட நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார். நம் நாட்டில் அட்டவணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னால் வரும் வண்டி அந்த வேலையைச் செய்துவிடும். செயலியோ பஸ் இப்போது நிற்குமிடத்தை வைத்து, வழக்கமான வேகத்திற் கணக்கிட்டு, இத்தனை நிமிடமென்று சொல்லுகிறது. பஸ் வேகங்கொண்டால் அந்த நிமிடங்கள் சுருங்கிவிடும். ஆகவே புள்ளி அசையாது நிற்கும் நேரமே வீட்டிலிருப்பவர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய நேரம். நாம் அன்று நேர்மாறாகச் செய்தோம்.

இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் மகிழ்ச்சியோடு தலையசைப்பதைக் காண்கிறோம். சற்றுப் பொறுங்கள். சியாற்றில் நகரில் இதே போன்ற செயலியை உபயோகித்தவர்கள் உபயோகிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு நிமிடம் குறைவாகக் காத்திருந்தார்கள் என்று 2011இல் வந்த ஆராய்ச்சி சொல்லுகிறது. செயலியில் நன்மை இல்லாமலில்லை. கையாளும் முறைதான் கேள்வி.

பரீட்சை தவறிய பின் நாம் பத்துக் காலைகள் ஒரு சிறு கொப்பியில் குறித்து வந்தோம். பஸ் மாவத்தகமவை விட்டு நகர்ந்ததிலிருந்து கலகெதரத் தரிப்பிடத்துக்கு வர எடுத்த நிமிடங்கள் இவை: 21, 24, 25, 26, 27, 27, 28, 29, 30, 33. சராசரி 27. நம் வீட்டிலிருந்து தரிப்பிடத்துக்கு நடை 9 நிமிடம். (மழை நாளில் 11. குடை பிடித்தவன் வேகமாக நடக்கமாட்டான்.)

சராசரியை நம்புகிறவர் என்ன செய்வார்? பஸ் மாவத்தகமவை விட்டு 18 நிமிடங்கழித்துப் புறப்பட்டு, 27ஆவது நிமிடத்தில் தரிப்பிடத்தில் நிற்பார். பத்து நாளில் நான்கு நாள் பஸ் போய்விட்டிருக்கும். மற்ற ஆறு நாளும் அவர் காத்திருப்பது எல்லாமாகப் பன்னிரண்டே நிமிடம். ஆனால் தவறிய நான்கு நாளும் இருபத்தைந்து நிமிடம் பின்னால் வரும் அடுத்த பஸ்ஸுக்கு 19, 22, 23, 24 நிமிடமாக 88 நிமிடம் நிற்கவேண்டும். மொத்தம் 100 நிமிடம். ஒரு நாளைக்குப் பத்து.

பத்து நாளிலும் மிகக் குறைந்த 21ஐ நம்பி, அதிலும் 2 நிமிடம் கழித்துக்கொள்ளுகிறவர் 10ஆவது நிமிடத்திற் புறப்பட்டு 19ஆவது நிமிடத்தில் தரிப்பிடத்தில் இருப்பார். பத்து நாளும் பஸ் கிடைக்கும். அவர் நிற்பது மொத்தம் 80 நிமிடம். ஒரு நாளைக்கு எட்டு. முந்திப் போனவரே குறைவாகக் காத்திருக்கிறார்! கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை இதை நாமும் நம்பவில்லை. தவறிய பஸ் ஒன்று பல நாட் சேமிப்பை ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது.

எட்டு நிமிடத்தையும் குறைக்க ஒரு வழியுண்டு. மாவத்தகம நமக்குத் தூரம். வழியில் எத்தனையோ நிகழலாம். அதனாற்றான் 21க்கும் 33க்கும் அவ்வளவு இடைவெளி. பஸ் கிட்ட வர வர அந்த இடைவெளி ஒடுங்கும். மலைப்பாதையில் ஒரு வளைவைக் குறித்து வைத்தோம். அங்கிருந்து தரிப்பிடத்துக்குப் பஸ் எடுப்பது 11 முதல் 14 நிமிடம். நமது நடை 9. புள்ளி அந்த வளைவைத் தொட்டவுடன் படலையைத் திறந்து நடந்தால் பஸ்ஸுக்கு இரண்டு நிமிடமாவது முந்துவோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டோம். ஆகவே ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு ஏற்ற வளைவைத் தேடிக்கொள்ள வேண்டும். பஸ் மிக வேகமாக வந்த நாளிலும் நமது நடையைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்த இடங்களுள் கடைசி இடம் எதுவோ, அதுவே அவருடைய அடையாளம். தரிப்பிடத்துக்கு அருகில் வசிப்பவருக்கு அது கிட்டவும், மேட்டில் வசிப்பவருக்கு எட்டவும் அமையும். நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புள்ளி அந்த இடத்தைத் தொட்டதா என்று பார்த்தாற் போதும்.

இந்த இரண்டு நிமிடத்தைக் களவாடும் கள்ளன் ஒருவன் இருக்கிறான். அவன் பழைய செய்தி. பஸ்ஸிலுள்ள கருவி வானத்துச் செய்மதிகளின் குறிகளைக் கொண்டு தன் இடத்தை அறிந்து, தொலைபேசி வலையமைப்பின் வழியே அனுப்புகிறது. மலை மறைத்து வலையமைப்பு அறுந்தால் புள்ளி கடைசியாக அறிந்த இடத்திலேயே நிற்கும், பஸ்ஸோ ஓடிக்கொண்டிருக்கும். நிற்கும் பஸ்ஸும் நின்றுபோன செய்தியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை அறிய, புள்ளியின் அருகே அது எத்தனை நிமிடத்துக்கு முந்திய செய்தி என்று காட்டியிருப்பதைப் பார்க்கவேண்டும். ‘இப்போது’ என்று காட்டினால் பஸ் நிற்கிறது. மூன்று நிமிடத்துக்கு முந்தியது என்றால் நமது இரண்டு நிமிடக் காப்பு போய்விட்டது. அப்போது யோசிக்காமல் நடக்கவேண்டியதுதான்.

சிங்கப்பூரில் போக்குவரத்து அதிகாரசபை எல்லாப் பஸ்களின் வருகை நேரத்தையும் 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துப் பொதுவில் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் `Monitored` என்று ஒரு குறிப்புண்டு. அது `1` ஆனால் பஸ்ஸின் உண்மையான இடத்தைக் கொண்டு சொன்ன நேரம். `0` ஆனால் அட்டவணையைப் பார்த்துச் சொன்ன நேரம். இந்த இரண்டாவது வகை நேரம் எந்தச் செயலியிலும் ஏமாற்றும். அட்டவணையில் உள்ள பஸ் அன்று புறப்படாமலே இருக்கலாம். புறப்படும் நிலையத்துக்கு அடுத்துள்ள தரிப்பிடங்களில் இது இன்னும் மோசம். நிலையத்தில் நிற்கும் பஸ் எப்போது கிளம்புமென்பது சாரதிக்கும் நேரக்காப்பாளருக்கும் மாத்திரம் தெரிந்த இரகசியம். மாலையில் கண்டியிலிருந்து திரும்பும்போது இந்த வித்தை நமக்கு உதவாததும் இதனாலேயே.

சென்னையில் மாநகரப் பஸ்களைத் தொலைபேசியிற் காண 2022இல் ஒரு செயலி வந்தது. 2025 செப்டெம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்துச் ‘சென்னை ஒன்’ என்ற செயலியைத் திறந்தார்கள். அங்கே உறவினர் உள்ளவர்கள் போகும்போது, நாம் சொன்ன வளைவுக் கணக்கை அங்கும் செய்து பார்க்கலாம். வளைவுக்குப் பதில் ஒரு சந்தி.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இருக்குமிடத்தைக் காட்டும் இவ்வசதியைப் பெரிய குழுக்களில் திறந்து விடாதீர்கள். வீட்டாருக்கும் நன்கறிந்த ஒருவருக்கும் மட்டும் காட்டுங்கள். வாட்ஸப்பில் 15 நிமிடம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று மூன்று அளவுகள் உள்ளன. எட்டு நமக்கு வேண்டாம், இறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

பெரியவர் ஒருவர் முன்பு நம்மைக் கேட்டார்: ‘தம்பி, பஸ் நிறைந்து வந்து நிறுத்தாமற் போனால் உன் புள்ளி என்ன செய்யும்?’ ஒன்றும் செய்யாது, ஐயா. ஆனால் உள்ளே இருக்கும் நண்பர், கூட்டம் மிதிபலகை வரை வந்துவிட்டதென்று ஒரு வரி எழுதுவார். அப்படி எழுதிய இரண்டு நாளும் நாம் அடுத்த பஸ்ஸுக்கே ஆயத்தமானோம்.

அந்த நண்பருக்கு அடுத்த மாதத்திலிருந்து வேறிடத்தில் உத்தியோகம். குருநாகற் பக்கத்திலிருந்தோ மாவத்தகமவிலிருந்தோ காலை ஆறரைக்குப் பின் ஏறும் அங்கத்தவர் எவரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் நம்மை வந்து காணுங்கள். கொப்பியும் கையோடு இருக்கிறது.