கார் புக் பண்ணும் முன் டேப்பை எடுங்கள்
(நமது காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கச் செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன காலாண்டில் மட்டும் நம் குடியிருப்பில் மூன்று பேர் கார் மாற்றுவது பற்றி என்னிடம் கேட்டார்கள். மூவருமே மைலேஜ், ஏர்பேக், சன்ரூஃப் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்கள். "உங்க ஸ்லாட் எத்தனை அடி?" என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. முன்பணம் கட்டிய பிறகு தெரிந்தால் ரத்து செய்ய வேண்டும், பணமும் முழுதாகத் திரும்பி வராது. அதைவிட, வண்டி வந்த பிறகு தெரிந்தால் பத்து வருடம் தினமும் இரண்டு முறை தெரியும்.

முதலில் பிரோஷர். அதில் போட்டிருக்கும் அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அகலம். ஸ்விஃப்ட் 1,735 மி.மீ., நெக்ஸான் 1,804, வேகன் ஆர் 1,620 என்று இருப்பதெல்லாம் உடம்பு மட்டும்தான். கண்ணாடி இரண்டும் விரிந்திருந்தால் மொத்தத்தில் இருபது சென்டிமீட்டராவது கூடும். ஷோரூமில் நிற்கும் வண்டியிலேயே கண்ணாடி முனையிலிருந்து முனைக்கு டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். விற்பனைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போது நம் தெரு. பத்திரத்தில் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். ஆனால் நாம் ஓட்டுவது பத்திரத்தில் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எதிர்ச் சுவரோரமாக ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும். ஒரு ஸ்கூட்டர் ஹேண்டில்பாரோடு சுமார் 75 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 2.9 மீட்டர். ஆகையால் தெருவை ஞாயிறு காலையில் அளக்காதீர்கள், வேலை நாள் இரவு அளங்கள். கேட்டுக்கு எதிரே இருக்கும் இடம்தான் முக்கியம். தெரு முனையில் எவ்வளவு அகலம் இருந்தாலும் இதற்கு உதவாது.

கேட்டையும் தூணிலிருந்து தூணுக்கு அளக்கக் கூடாது. நம் கேட் தூண்களுக்கு நடுவே 10 அடி. கதவு இரண்டையும் உள்பக்கம் முழுதாகத் திறந்து வைத்தால், கீல், கதவின் கனம், தாழ்ப்பாள் போக 2.85 மீட்டர்தான் மிச்சம். வண்டிக்குக் கிடைப்பது அதுதான்.

2.85 மீட்டரில் 1.8 மீட்டர் கார் தாராளமாகப் போகுமே என்று தோன்றும். நேராக வந்தால் போகும். நாம் நேராக வருவதில்லை, தெருவிலிருந்து செங்குத்தாகத் திரும்புகிறோம். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். முன்பக்க வெளிமூலை அதே நேரத்தில் வெளிப்பக்கமாக வீசும். பிரோஷரில் இருக்கும் திருப்ப ஆரம் முன்பக்க வெளிச்சக்கரத்துக்கு உரியது. பம்பர் மூலை அதைத் தாண்டியும் அரை மீட்டர் வீசும்.

ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். திருப்ப ஆரம் 4.8 மீட்டர், சக்கர இடைவெளி 2.45 மீட்டர். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்பக்க உடம்பு சுமார் 2.55 மீட்டர் ஆரத்திலும், முன்மூலை சுமார் 5.3 மீட்டர் ஆரத்திலும் சுழலும். அதாவது 1.73 மீட்டர் கார், திரும்பும்போது ஏறக்குறைய 2.8 மீட்டர் கார். எதிர்ச் சுவரிலிருந்து 20 செ.மீ. விட்டுத் திரும்பினால், தெரு முழு 12 அடியும் காலியாக இருக்கும்போது கேட்டில் சுமார் 2.84 மீட்டர் வேண்டும். நம்மிடம் 2.85. மூச்சுப் பிடித்துக்கொண்டு போகலாம். ஸ்கூட்டர்கள் நிற்கும்போது அதே வண்டிக்கு 3 மீட்டருக்கு மேல் வேண்டும், ஒரே ஒடிப்பில் போகாது. ஒருமுறை பின்வாங்கி மறுபடி போக வேண்டும். நெக்ஸானுக்குக் காலை நேரத்திலேயே சுமார் 3 மீட்டர் கேட்கும். பம்பர் மூலை வளைந்திருப்பதால் இந்தக் கணக்கில் சில சென்டிமீட்டர் குறையலாம். அதை நம்பி பெயிண்டை அடகு வைக்க வேண்டாம்.

ஆக, தெருவையும் கேட்டையும் தனித்தனியாகப் பார்த்து "இரண்டிலும் கார் போகிறது" என்று முடிவு செய்யக் கூடாது. தெரு குறுகினால் கேட் அகலமாக வேண்டும். கேட் குறுகினால் தெரு அகலமாக வேண்டும். முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புவது தப்பில்லை. அப்பார்ட்மெண்டில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம். தினமும் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க அதைச் செய்யத் தயாரா என்பதை வண்டி ஓட்டப்போகிறவர் தீர்மானிக்க வேண்டும், வாங்கித் தருகிறவர் அல்ல.

ஸ்லாட்டுக்கு வருகிறேன். திட்டத்தில் 2.5க்கு 5 மீட்டர் என்று கோடு போட்டிருக்கும். தூண்களின் பூச்சுக்கு நடுவே அளந்தால் ஸ்டில்ட்டில் சில ஸ்லாட்டுகள் 2.38தான். ஒரு பக்கத் தூணிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிறுத்துவதாக வைத்தால், ஓட்டுநர் பக்கம் வேகன் ஆருக்கு 61, ஸ்விஃப்டுக்கு 50, நெக்ஸானுக்கு 43 செ.மீ. மிஞ்சும். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஷோரூமிலேயே கண்டுபிடிக்கலாம். கதவைச் சிரமமில்லாமல் இறங்கும் அளவுக்கு மட்டும் திறந்து, உடம்பிலிருந்து கதவு விளிம்புவரை அளங்கள். முழங்கால் வலிக்கும் அப்பாவோ அம்மாவோ வருவார்கள் என்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் உட்காரும் கதவை அளங்கள். அவர்களைக் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் பிறகு நிறுத்தலாம், ஆனால் மழை நாளில் நினைத்துப் பாருங்கள்.

தூண் எங்கே இருக்கிறது என்பது அகலத்தைவிட முக்கியம். தூண் முன்சக்கரத்துக்கு நேரே இருந்தால் கதவு வெற்றிடத்தில் திறக்கும், 43 செ.மீ. பிரச்சினையே இல்லை. கதவின் நடுவுக்கு நேரே இருந்தால் 60ம் போதாது. பின்பக்கமாக உள்ளே விட்டால் ஓட்டுநர் பக்கம் மாறிவிடும், தூணும் வேறு இடத்துக்கு வரும். இரண்டு விதமாகவும் தரையில் சாக்பீஸால் காரின் நீள அகலத்தை வரைந்து, கதவு வரும் இடத்தைக் குறித்துப் பாருங்கள். குறுகிய நடைவழியிலிருந்து பின்பக்கமாக நுழைப்பது சுலபமும்கூட, ஏனென்றால் திரும்பாத சக்கரம் முதலில் உள்ளே போய்விடுகிறது.

நீளத்தில் பெரிய குழப்பமில்லை. வரிச் சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் அடக்கப்பட்ட வண்டிகள் 3,995 மி.மீ. இருக்கும். க்ரெட்டா போன்றவை 4.3 மீட்டர். பின்சுவரில் மோட்டார் பெட்டியோ குழாயோ இருந்தால் அதற்கு முன்னிருந்து அளங்கள். மூக்கு நடைவழியில் நீட்டினால் அது உங்கள் பிரச்சினை மட்டுமல்ல. தண்ணீர் லாரி உள்ளே வர வேண்டும், என்றைக்காவது ஆம்புலன்ஸ் வர வேண்டும். உயரத்துக்கு, கூரையை விட்டுவிட்டு அதற்குக் கீழே தொங்கும் கழிவுநீர்க் குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தை அளந்தால் போதும்.

இரண்டு வண்டி வரை சுருக்கிய பிறகு டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலான டீலர்கள் அனுப்புவார்கள். இரவு எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர்களுடைய ஓட்டுநர் நிறுத்திக் காட்டக் கூடாது, நீங்கள் நிறுத்த வேண்டும்.

ஐந்து மீட்டர் டேப் ஒன்று செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறோம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்லாட்டை அளந்தால் அந்த எண்ணுக்கு நேரே அளவையும் எழுதிவிடுங்கள், அடுத்து அந்த வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர் கேட்பார்.