வாழ்த்தில் இரவற் சொற்கள்

தைப்பொங்கலன்று பொழுது புலருமுன்னரே கைத்தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. பொங்கற்பானையும் கரும்பும் தீட்டிய படங்களும், அவற்றின்கீழ் அடுக்குமொழியில் அமைந்த வாழ்த்துகளும் வந்து குவிகின்றன. அவற்றுள் எது தனக்கென எழுதப்பெற்றது, எது பலர் கைமாறி வந்தது என்பதைப் பெறுபவர் எவ்வாறு அறிவது?

வட்ஸ்அப் செயலி இதற்கு ஓர் அடையாளம் தருகிறது. பிறரிடமிருந்து வந்த செய்தியை அப்படியே மாற்றி அனுப்பினால், அதன் தலைப்பில் ஓர் அம்புக்குறியும் "Forwarded" என்னும் சொல்லும் தோன்றும். 2018ஆம் ஆண்டில் வந்த ஏற்பாடு இது. முதலில் எழுதியவரிடமிருந்து ஐந்து உரையாடல்களோ அதற்கு மேலோ கடந்து வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இடப்படும். எனினும், வாசகத்தைப் படியெடுத்துப் புதிய செய்தியாக ஒட்டி அனுப்பினால் எந்தக் குறியும் தோன்றாது. ஆகையால் குறி இல்லாமை சொந்த எழுத்துக்குச் சான்றாகாது. குறி இருப்பது அன்பின்மைக்குச் சான்றுமாகாது. தமிழெழுத்தைத் தட்டச்சிட இயலாத முதியவர் ஒருவர், நல்லதொரு படத்தைத் தேடிப் பிடித்து ஒருவருக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்.

உண்மையான சான்று வாசகத்துக்குள்ளேயே கிடக்கிறது. பிறந்த நாள்முதல் 'நீ' என்றழைத்த மருமகனுக்கு மாமனார் ஒருநாள் மட்டும் 'தாங்கள்' என்று எழுதினால், அச்சொல் அவருடையதன்று. வடமராட்சியில் வாழும் ஒருவர் தம் ஊர்க்காரருக்கு, இருவருமே கண்டிராத மதுரைச் சல்லிக்கட்டைப் புகழ்ந்து வாழ்த்தினால், அது கடல் கடந்து வந்த சரக்கு. தனியே வாழும் ஒருவருக்கு 'உங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும்' என்பதும் அத்தகையதே. வாக்கியத்தின் இடையே காரணமின்றி நிற்கும் உடுக்குறிகளும், அடியில் அழிக்க மறந்த வேறொருவர் பெயரும் இன்னும் வெளிப்படையான சாட்சிகள்.

இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. ஓராண்டுக்குள் மரணம் நேர்ந்த வீட்டில் பொங்கல் கொண்டாடாமை யாழ்ப்பாணத்து வழக்கம். துணைவியை ஐப்பசியில் இழந்தவருக்குத் தையிலே 'உங்கள் இல்லத்தில் இன்பம் பொங்கட்டும்' என்ற செய்தி வந்து சேர்கிறது. அனுப்பியவர் செத்தவீட்டுக்கு வந்து அழுதவராகவே இருப்பார். பட்டியலில் உள்ள பெயர்களையெல்லாம் ஒருசேரத் தொட்டபோது அந்த ஒரு பெயரில் நிற்கவில்லை. அவ்வீட்டுக்குரியது வாழ்த்தன்று; நலம் கேட்கும் இரண்டு வரி.

ஆயினும் இரவற் சொல்லை முற்றாக விலக்க வேண்டியதில்லை. 1843ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி கோல் அச்சிடுவித்த நத்தார் வாழ்த்து மடலிலேயே வாசகம் ஆயத்தமாக இருந்தது. பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் மாத்திரம் இடம் விடப்பட்டிருந்தது. பெயரைச் சேர்த்தால் மட்டும் போதுமா என்பதே கேள்வி. போதாது, பெயரை மாற்றி இன்னொருவருக்கும் அதை அனுப்பலாமே!

கொழும்பில் வாழும் ஒருவருக்கு இவ்வாசகம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம்: "பொங்கி வழியும் பால்போல் உங்கள் இல்லத்தில் இன்பம் பொங்கட்டும். கரும்பாய் வாழ்வு இனிக்கட்டும். உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்." இதைச் சாவகச்சேரியிலுள்ள சின்னம்மாவுக்கு அனுப்ப விரும்புகிறார். முதலில், மூன்று வாக்கியங்களுள் தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறார். பால் பொங்குவது நிற்கட்டும், கரும்பு போகட்டும். அடுத்து, தாம் வழக்கமாக அழைக்கும் முறைப்பெயரை முன்னே வைக்கிறார். பின்னர், இருவரும் மட்டுமே அறிந்த ஒரு செய்தியைச் சேர்க்கிறார். கடைசியாக, பதில் எழுதத் தூண்டும் ஒரு வினா. இப்போது வாசகம் இவ்வாறு அமைகிறது:

"சின்னம்மா, போன வருஷம் மழை வந்து அடுப்பை விறாந்தைக்கு மாற்றினீர்களே, இந்த முறை முற்றத்தில்தானே பொங்கல்? பால் நன்றாகப் பொங்கி வழியட்டும். எந்தப் பக்கம் வழிந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்."

இரவல் வரி இன்னும் அதற்குள் இருக்கிறது. ஆனால் அது சின்னம்மாவின் பானைப் பாலாகிவிட்டது. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சொந்த வரியைப் பேச்சுநடையில் எழுதி, இரவல் வரியைச் செந்தமிழிலேயே விட்டால் ஒட்டுப்போட்ட தையல் தெரியும். 'இல்லம்' என்று ஒருநாளும் சொல்லாதவர் அதை 'வீடு' என்றே மாற்றிவிடவேண்டும். அனுப்புமுன் வாய்விட்டு ஒருமுறை வாசித்தால் நா இடறும் இடம் தானே புலப்படும்.

நூறு பேருக்கு இவ்வாறு எழுத எவருக்கும் நேரமிராது. அலுவலகத் தோழருக்கும் அயலவருக்கும் பொதுவாசகமே போதும். அவர்கள் அதற்குமேல் எதிர்பார்ப்பதுமில்லை. பட்டியலிலிருந்து பத்துப் பேரை முதல்நாள் இரவே பிரித்தெடுத்து வைத்தால், அவர்களுக்கு எழுத அரைமணி நேரம் போதுமானது. துக்கவீட்டுப் பெயர்கள் எவையென்றும் அப்போதே தெரிந்துவிடும்.