இரவு வேலைக்கு நம் சம்மதம் வேண்டும்
(மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலை இரவிலும் ஓடுகிறது. பகலில் மலையில் கொழுந்தெடுத்த பெண்ணையே இரவு பத்து மணிக்குப் பிறகும் சல்லடை அறையில் நிற்கச் சொன்னால், அது சட்டவிரோதம். காலை 6 முதல் மாலை 6 வரையான நேரத்தில் வேலை செய்த பெண்ணை அன்று இரவு 10 மணிக்குப் பின் வேலை வாங்கக் கூடாது.

1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டமும் 1984இல் வந்த திருத்தமும் இதைச் சொல்கின்றன. விருப்பமில்லாத பெண்ணை இரவு வேலைக்கு வற்புறுத்த முடியாது. நிர்வாகம் தொழில் ஆணையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மாதத்தில் 10 இரவுகளுக்கு மேல் கூடாது. சம்பளம் ஒன்றரை மடங்கு. பெண் மேற்பார்வையாளர், ஓய்வறை, சிற்றுண்டி இருக்க வேண்டும்.

லயத்துக்குத் திரும்பும் பாதை இருட்டு. அட்டையும் பன்றியும் உண்டு. ஆகவே சம்மதம் கொடுக்குமுன் மூன்றை எழுத்தில் கேட்போம்: எந்த வாகனம், எத்தனை மணிக்கு, லய வாசல் வரை வருமா? வாகனம் வராத இரவுகளைத் தேதியோடு குறித்து, தோட்டத் தலைவரிடம் கொடுப்போம். அந்தக் குறிப்போடுதான் தொழில் அலுவலகத்தில் பேச முடியும்.