அரைப்புள்ளி யாருக்குச் சொந்தம்?
ஆங்கில இணைப்பு வினையடைகளும் அவற்றைச் சூழ்ந்த நிறுத்தக்குறிகளும்
(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரத்துக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு வந்த நாள் முதல் இந்தப் புறநகர்கள் ஆங்கிலம் கற்பிப்போரின் ஊர்களாக இருந்துவருகின்றன. ஆகவே என் கேள்வியை இங்கே எழுப்புவது பொருத்தமே.

கேள்வி உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ போன்ற சொற்களுக்கு முன்னும் பின்னும் என்ன குறி வரவேண்டும்? நம் வகுப்பறைகளில் இதற்கு ஒரே வரியில் விடை சொல்கிறோம்: முன்னால் அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நாமும் அப்படியே திருத்துகிறோம். இந்த விதி தவறான இடத்தில் தொடங்குகிறது என்று துறைக் கூட்டங்களில் பலமுறை வாதிட்டிருக்கிறேன். ‘மாணவருக்கு எளிய விதி வேண்டும்’ என்பதே எனக்குக் கிடைத்த பதில். எளிமை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த விதி அரைப்புள்ளியை ‘தேர்ஃபோர்’ என்ற சொல்லோடு கட்டிவைக்கிறது. அரைப்புள்ளி அந்தச் சொல்லுக்கு உரியதன்று. இரண்டு வாக்கியங்களின் எல்லைக்கு உரியது. இன்று நான் நிறுவ விரும்புவது இதுதான்.

ஒரு நடைமேம்பாலம்

இதற்கென நானே ஒரு பத்தியை அமைத்திருக்கிறேன். ஒரு புறநகர் ரயில் நிலையத்தில் விபத்து நடந்து, விசாரணை அறிக்கை எழுதுகிறார்கள் என்று கொள்வோம். அறிக்கையில் இப்படி இருக்கிறது: “த ஃபுட்பிரிட்ஜ் வாஸ் வீக். இட் வாஸ் க்ளோஸ்ட், தேர்ஃபோர், த க்ரௌட் க்ராஸ்ட் த ட்ராக்ஸ்.” பாலம் பலவீனமாக இருந்தது, அது மூடப்பட்டது, கூட்டம் தண்டவாளத்தைக் கடந்தது என்பவை மூன்று செய்திகள். நடுவில் இரு பக்கமும் காற்புள்ளியோடு ‘தேர்ஃபோர்’ நிற்கிறது.

இது எந்தச் செய்தியோடு சேர வேண்டும்? அரைப்புள்ளியை முன்னால் வைத்துப் பார்ப்போம்: “இட் வாஸ் க்ளோஸ்ட்; தேர்ஃபோர், த க்ரௌட் க்ராஸ்ட் த ட்ராக்ஸ்.” பாலத்தை மூடியதால்தான் மக்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள் என்று அறிக்கை சொல்கிறது. பழி மூடியவர் மீது போகிறது.

இனி அதே அரைப்புள்ளியைப் பின்னால் வைப்போம்: “இட் வாஸ் க்ளோஸ்ட், தேர்ஃபோர்; த க்ரௌட் க்ராஸ்ட் த ட்ராக்ஸ்.” பாலம் பலவீனமாக இருந்தது, அதனால் மூடினார்கள். மூடியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கூட்டம் தண்டவாளத்தைக் கடந்தது என்பது தனியே ஒரு செய்தியாக நிற்கிறது. அதை மூடலின் விளைவு என்று அறிக்கை சொல்லவில்லை. ஒரு சொல்கூட மாறவில்லை; ஒரு குறி இடம் மாறியதில் விசாரணையின் முடிவே மாறிவிட்டது.

இரு பக்கமும் காற்புள்ளி மட்டும் இட்டவர் இந்த இரண்டில் எதைச் சொன்னார் என்று வாசகரால் அறிய முடியாது. நாம் ‘காற்புள்ளிப் பிழை’ என்று சிவப்பு மையில் சுழிப்பதன் உண்மையான காரணம் இதுவே. பிழை என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதை நாம் சொல்வதில்லை.

இன்னொரு வாக்கியம்: “இட் வாஸ், தேர்ஃபோர், க்ளோஸ்ட்.” இங்கே இரு பக்கமும் காற்புள்ளி, முழுக்கச் சரி. “இட் வாஸ் தேர்ஃபோர் க்ளோஸ்ட்” என்று குறியே இல்லாமல் எழுதினாலும் சரிதான். மனப்பாட விதியைக் கடைப்பிடிக்கும் மாணவர் இதை “இட் வாஸ்; தேர்ஃபோர், க்ளோஸ்ட்” என்று திருத்துவார். இப்படி உடைந்த வாக்கியங்களை விடைத்தாள்களில் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிழைக்குப் பொறுப்பு மாணவருடையதன்று, விதியைக் கற்பித்தவர்களுடையது.

அடுத்து, சொல்லை நகர்த்திப் பாருங்கள்: “இட் வாஸ் க்ளோஸ்ட்; த க்ரௌட், தேர்ஃபோர், க்ராஸ்ட் த ட்ராக்ஸ்.” ‘தேர்ஃபோர்’ உள்ளே போய்விட்டது, காற்புள்ளிகளும் அதனோடு போய்விட்டன. அரைப்புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அது சொல்லுக்கு உரியதாக இருந்தால் சொல்லோடு நகர்ந்திருக்க வேண்டும். ‘பட்’, ‘ஸோ’ ஆகியவை இப்படி நகரமாட்டா. இரு வாக்கியங்களின் நடுவே மட்டுமே நின்று அவற்றைக் கட்டும். அதனால்தான் அவற்றின் முன் காற்புள்ளி போதுகிறது. நகரும் சொல்லால் கட்ட முடியாது. கட்டும் வேலையை அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ செய்ய வேண்டும்.

ஆகவே மாணவருக்கு நான் தரும் சோதனை இது. அந்தச் சொல்லை விரலால் மறையுங்கள். இடப்பக்கம் உள்ளது தனியே நிற்குமா? வலப்பக்கம் உள்ளது தனியே நிற்குமா? இரண்டும் நின்றால், எல்லையில் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இடுங்கள். ஒன்று நிற்காவிட்டால் அரைப்புள்ளிக்கு அங்கே இடமில்லை. இது மனப்பாட விதியைவிடக் கடினமானதன்று.

பின்னால் வரும் காற்புள்ளி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தஸ்’, ‘ஹென்ஸ்’ போன்ற குறுஞ்சொற்களுக்குப் பின் காற்புள்ளி பெரும்பாலும் எழுதுபவரின் விருப்பம். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஹவெவர்’ அப்படியன்று. “ஹவெவர் ஹார்ட் இட் ரெய்ன்ட், த ட்ரெய்ன்ஸ் ரேன்” என்றால் ‘எவ்வளவுதான் மழை பெய்தாலும்’ என்று பொருள். காற்புள்ளி இருந்தால் ‘எனினும்’. இல்லாவிட்டால் ‘எவ்வளவு’ அல்லது ‘எப்படி’. வில்லியம் ஸ்ட்ரங்க் தமது 1918 கையேட்டில் ‘எனினும்’ என்ற பொருளில் அதை முதலில் வைக்கவே வேண்டாம் என்றார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காற்புள்ளியை மறக்காமல் இட்டால் போதும்.

சரிபார்த்தல்

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கணினியில் தேடிப் பார்க்கலாம். உரைக்கோப்பாக இருந்தால்:

```
grep -niE ', (however|therefore|moreover),' thesis.txt
```

இது இரு பக்கமும் காற்புள்ளி உள்ள இடங்களைக் காட்டும். அவற்றில் எது பிழை, எது சரி என்று சொல்லாது. விரல் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும். தேடல் வரி வரியாக நடப்பதால், வரி மடங்கிய இடத்தில் இருக்கும் பிழை தப்பிவிடும்.

இனிச் செய்யவேண்டியவை

நேரம் குறைவாக இருப்பதால் சிலவற்றைச் சுட்டி முடிக்கிறேன். ‘மழை பெய்தது, எனினும் ஆட்டம் நடந்தது’ என்பதைத் தமிழில் எவரும் பிழை என்பதில்லை. நம் மாணவரின் ஆங்கிலக் காற்புள்ளியில் இந்தப் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று ஆராய வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பள்ளிகளின் கட்டுரைகளைத் தொகுத்தால் விடை கிடைக்கும். ‘தென்’ என்ற சொல்லைத் தனியே பார்க்க வேண்டும். நாளிதழ்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

விடைத்தாள் திருத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தேர்ஃபோர்’ முன் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் இடாதீர்கள். அரைப்புள்ளியின் இரு பக்கமும் முழு வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்து இடுங்கள்.