விலை கூறுதலும் விலைப்பட்டியல் எழுதுதலும்



வீடியோ ஒளிப்பதிவைத் தனித் தொழிலாக மேற்கொண்ட இளைஞர்கள் நம்மிடையே இன்று பலர் உளர். திருமணம், காதணி விழா என்று தொடங்கியவர்கள் இப்போது கம்பெனிகளின் விழாக்களுக்கும் அழைக்கப்படுகின்றனர். காமிராவைக் கையாளும் வகை பற்றி அவர்களுக்கு நாம் சொல்லவேண்டுவது ஒன்றுமில்லை. ஒரு கம்பெனிக்கு விலை கூறுவது எவ்வாறு, வேலை முடிந்தபின் விலைப்பட்டியல் எழுதுவது எவ்வாறு என்னும் இரண்டைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம்.

நம் இல்லங்கள் பலவற்றில் கூலி கேட்டுப் பழக்கமுண்டு. விலை கூறிப் பழக்கமில்லை. கூலி என்பது ஒரு நாள் உழைப்புக்கு வழங்கும் தொகை. பெரும்பாலும் கருவியும் மூலப்பொருளும் வேலை கொடுப்பவருடையவை. மாலையில் வேலையும் கணக்கும் ஒருங்கே முடிந்துவிடும். ஒளிப்பதிவாளரோ தம் சொந்த முதலைத் தோளில் சுமந்து செல்கின்றார். விழா முடிந்த பின்னரும் பல நாள் அவர் வேலை வீட்டில் நடக்கின்றது. இவர் ‘ஒரு நாளைக்கு இவ்வளவு’ என்று கூலி முறையில் சொல்லிவிட்டால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இதில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. அவரவர் தம் தொகைகளை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

சென்னைக் கிண்டியில் ஒரு ஹோட்டலில், ஒரு கம்பெனி தன் விற்பனையாளர்களின் ஒரு நாள் மாநாட்டை நடத்துகின்றது என்று கொள்வோம். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இரண்டு காமிராக்களால் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் 4 நிமிடத்தில் ஒரு சுருக்கப் படமும், மூன்று பேச்சுகளின் முழுப் பதிவும் தரவேண்டும். விளம்பரப் பிரிவு அலுவலர் தொலைபேசியில் அழைத்து, “ஒரு நாள் வேலைதானே, எவ்வளவு?” என்று கேட்கின்றார். நம் இளைஞர் உடனே, “பதினைந்தாயிரம் சார்” என்கின்றார்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இரண்டாவது காமிராக்காரருக்கு அவர் காமிராவுடன் 7,000 ரூபாய். மேடைப் பேச்சைத் தெளிவாகப் பதிவதற்குக் காலர் மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வாடகைக்கு 2,500. உதவியாளருக்கு 1,500. வண்டிக்கு 1,500. பதிவு முழுவதையும் ஒப்படைப்பதற்கான ஹார்டு டிஸ்க் 4,500. ஆகக் கையைவிட்டுச் செல்லும் தொகை மட்டுமே 17,000 ரூபாய். அதாவது, நம் இளைஞர் தம் கையிலிருந்து 2,000 ரூபாய் கொடுத்து அந்தக் கம்பெனிக்கு வேலை செய்துதர இசைந்துவிட்டார்!

எனவே, தொலைபேசியில் தொகை கூறலாகாது. நாள், நேரம், காமிராக்களின் எண்ணிக்கை, முடிவில் தரவேண்டியவை யாவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, “நாளைக் காலை எழுத்தில் அனுப்புகின்றேன்” என்று கூறுவதே முறை. இதைக் கேட்டுக் கம்பெனிக்காரர் எவரும் வருந்துவதில்லை. அவர்களுடைய வழக்கமும் அதுவே.

அடுத்து, தமது ஒரு நாளின் விலையை அவர் அறிந்திருத்தல் வேண்டும். குடும்பத்திற்கு மாதம் 45,000 தேவை என்றால் ஆண்டுக்கு 5,40,000 ஆகின்றது. காமிரா, லென்ஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றில் 4,50,000 முதலிட்டு, அவை 3 ஆண்டு உழைக்கும் என்றால், ஆண்டுத் தேய்மானம் 1,50,000. மென்பொருள், பழுது, காப்பீடு, தொலைபேசி முதலியவற்றுக்கு 90,000. மொத்தம் 7,80,000 ரூபாய். இதை 365ஆல் வகுப்போர் உண்டு, அது தவறு. பணம் தரும் வேலை நாட்கள் ஆண்டில் அத்தனை கிடையா. வேலை தேடுவதும் கடிதம் எழுதுவதும் விழாக்கள் இல்லாத மாதங்களும் போக, 130 நாட்களே எஞ்சும் என்று கொண்டால், ஒரு நாளின் விலை 6,000 ரூபாய்.

இனி, நாட்களை எண்ணுவோம். முன்னதாக மண்டபத்தைப் பார்த்து, மேடை விளக்கும் மின்இணைப்பும் எங்கெங்கு என்று அறிய அரை நாள். பதிவுக்கு ஒரு நாள். சுருக்கப் படத்தைத் தொகுக்க இரண்டரை நாள். மூன்று பேச்சுகளையும் இரண்டு காமிராப் பதிவுகளிலிருந்து இணைத்து, ஒலியைச் சீர்செய்ய ஒரு நாள். திருத்தங்களுக்கு அரை நாள். ‘ஒரு நாள் வேலை’ என்றது ஐந்தரை நாளாக விரிந்துவிட்டது. அதன் விலை 33,000. வெளிச்செலவு 17,000 சேர்ந்தால் 50,000. எதிர்பாராதவற்றுக்கும் தொழில் வளர்ச்சிக்குமாக நூற்றுக்குப் பத்து கூட்டினால் 55,000 ரூபாய்.

கம்பெனி குறைக்கச் சொல்லும், சொல்லாவிடில்தான் வியப்பு. அதே வேலையை அப்படியே வைத்துக்கொண்டு தொகையை மட்டும் குறைத்தால், முதலில் கூறிய விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். வேலையில் ஒன்றைக் கழித்துத் தொகையைக் குறைப்பதே தக்கது. பேச்சுகளின் முழுப் பதிவு வேண்டாமெனில் 48,400; ஹார்டு டிஸ்க்கையும் அவர்களே கொடுத்துவிட்டால் 43,450 என்று எழுதலாம். இதனால் பேச்சு தொகையை விட்டு வேலைக்குத் திரும்பும். நம் எடுத்துக்காட்டில் கம்பெனி யோசித்து, முழு வேலையையும் 55,000க்கே கேட்டது என்று கொள்வோம்.

விலைக்குறிப்பில் தொகைக்குக் கீழே எழுதும் நிபந்தனைகளே பிற்காலத்தில் காப்பவை. பதிவு நேரம் 10 மணி. அதற்கு மேல் காமிரா ஒன்றுக்கு மணிக்கு 1,000 ரூபாய் என்று எழுதவேண்டும். திருத்தம் இரு முறை. கம்பெனியின் சார்பில் ஒருவரே எல்லாத் திருத்தங்களையும் தொகுத்து எழுத்தில் தரவேண்டும் என்று எழுதவேண்டும். இல்லையேல் மேலாளர் சொன்னதை இயக்குநர் மாற்றுவார். இயக்குநர் சொன்னதை விளம்பரப் பிரிவு மாற்றும். அரை நாள் வேலை அரை மாதமாகிவிடும். பாதித் தொகை முன்பணம்.

மீதித் தொகை பற்றித்தான் பலர் ஏமாறுகின்றனர். ‘இறுதி ஒப்புதலுக்குப் பின்’ என்று எழுதிவிடுகின்றனர். இறுதி ஒப்புதலுக்கு நாள் ஏது? மாநாடு முடிந்து, ஆர்வம் தணிந்து, படத்தைப் பார்க்கவேண்டியவர் வெளிநாடு சென்றிருப்பார். ஆகவே, ‘முதற்படி அனுப்பிய 7 நாட்களுக்குள் திருத்தம் வரவில்லையெனில் படம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும், விலைப்பட்டியல் நாளிலிருந்து 15 நாட்களுக்குள் மீதித் தொகை செலுத்தப்படவேண்டும்’ என்று வரையறுத்து எழுதுதல் வேண்டும்.

உரிமை பற்றியும் ஒரு வரி தேவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் செய்தவரே அதன் முதல் உரிமையாளர். நம் கைத்திறனைப் பிறருக்குக் காட்ட ஒரு நிமிடப் பகுதியைப் பயன்படுத்தவேண்டுமாயினும், அதற்கான இசைவை முன்கூட்டியே எழுதிப் பெறவேண்டும்.

விலைக்குறிப்பை ஏற்றபின் கம்பெனி, பர்சேஸ் ஆர்டர் என்னும் கொள்முதல் ஆணையை அனுப்பும். அதைப் படிக்காமல் மகிழ்ந்துவிடக் கூடாது. நாம் 15 நாள் என்று எழுதியிருக்க, அதில் 90 நாள் என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். வாய்திறவாமல் வேலையைத் தொடங்கினால், நாம் அதற்கு இசைந்ததாகவே வாதிடப்படும். வேறுபாட்டைச் சுட்டி அன்றே மின்னஞ்சல் அனுப்பித் திருத்தம் பெறவேண்டும்.

மாநாட்டு நாளன்று தலைமை விருந்தினர் பிந்தி வந்தார். பதிவு இரண்டு மணி நேரம் நீண்டது. இரு காமிராக்களுக்கு 4,000 ரூபாய் கூடுதல். இதை அன்று மாலையே, “இன்று 8 மணி வரை பதிவு செய்தோம், கூடுதல் 4,000 ரூபாய்” என்று அலுவலருக்கு எழுதி, அவருடைய ‘சரி’யைப் பெற்றுவிடவேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அது வேண்டுகோளாகிவிடும்.

இனி விலைப்பட்டியல். இன்வாய்ஸ் எனப்படும் இதைப் படிப்பவர் யார் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். நம்மை அழைத்த அலுவலர் அதைப் படிப்பதில்லை. கணக்குப் பிரிவில் அமர்ந்திருக்கும், நம் முகத்தையும் படத்தையும் ஒருபோதும் காணாத ஒருவர் படிக்கின்றார். அவர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தத் தாளே விடை கூறவேண்டும். வரிசை எண்ணும் தேதியும் வேண்டும். விளம்பரத்தில் வழங்கும் பெயரை விடுத்து, கம்பெனியின் பதிவுப் பெயரை எழுதவேண்டும். கொள்முதல் ஆணையின் எண் வேண்டும்; இஃது இல்லாத பட்டியல் ஓரமாக வைக்கப்படும், ஏன் என்று நமக்கு ஒருவரும் எழுதமாட்டார். வேலையின் விவரம் ஆணையில் உள்ள அதே சொற்களில் இருக்கவேண்டும். நம் பான் எண், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண் ஆகியவை பிழையின்றி வேண்டும். ‘15 நாட்களுக்குள்’ என்பதோடு நில்லாமல், அந்த நாளின் தேதியையே எழுதவேண்டும்.

தமிழ்நாட்டில் சேவைத் தொழில் மட்டும் செய்வோர், ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. பதிவு பெறாதவர் அவ்வரியை வசூலிக்கவும் கூடாது. ‘ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் கணக்கருக்கு ஐயம் எழாது.

நம் எடுத்துக்காட்டில் பட்டியல் இவ்வாறு அமையும். ஒப்பிய தொகை 55,000, கூடுதல் நேரத்துக்கு 4,000, மொத்தம் 59,000. முன்பணம் 27,500 கழிய, மீதி 31,500. இதில் ஒரு நுட்பம் உண்டு. டி.டி.எஸ். என்னும் வரிப்பிடித்தம் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 275 ரூபாய் கழிந்து, வங்கிக்கு வந்த முன்பணம் 27,225தான். ஆயினும் பட்டியலில் 27,500 என்றே காட்டவேண்டும். கழிந்த 275ம் நம் பெயரில் அரசுக்குச் சென்ற நம் பணமே. சில கம்பெனிகள் இதனைத் தொழில்நுணுக்கச் சேவையாகக் கருதி நூற்றுக்கு இரண்டு பிடிக்கும். எதைப் பிடிப்பார்கள் என்று முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.

குறித்த நாளில் பணம் வாராவிடில் என் செய்வது? உத்யம் பதிவு என்னும் குறுந்தொழில் பதிவை, கட்டணம் ஏதுமின்றி, ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்தில் செய்துகொள்ளலாம். அதை வேலை ஏற்பதற்கு முன்பே செய்து, அந்த எண்ணைப் பட்டியலில் எழுதிவிடவேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, இத்தகையோருக்கு எழுத்தில் ஒப்பிய நாளுக்குள் பணம் தரவேண்டும். எவ்வளவு ஒப்பினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.

இதைச் சினந்து சொல்லத் தேவையில்லை. கெடு கடந்த மறுநாளே கணக்குப் பிரிவுக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்று போதும்: பட்டியல் எண், கொள்முதல் ஆணை எண், கெடு நாள், நிலுவை 31,500 ரூபாய், உத்யம் எண். பணம் வந்தபின், பிடிக்கப்பட்ட 275ம் 315ம் ஆகிய 590 ரூபாய், நம் பான் எண்ணின்கீழ் வருமான வரித் துறையின் இணையக் கணக்கில் ஏறியுள்ளதா என்று சில மாதங்களில் பார்த்துக்கொள்ளவேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர், ஆண்டு முடிந்தபின் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.