கால்சட்டையின் கவட்டு வளைவு

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், வெளிநாட்டுக்குப் போகும் ஆண்களுக்கான பேண்ட்டுகள் தைக்கப்படுகின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முடிச்சூர் சாலையில் ஒற்றை மெஷினோடு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் மாஸ்டரிடம் வந்து சேருவதும் பேண்ட்டுதான். தொழிற்சாலை ஓர் அளவுக்கு ஒரே வளைவைத்தான் வெட்ட முடியும். இடுப்பு 34 என்றால் பின்பக்கம் இவ்வளவு பருமன், இவ்வளவு உயரம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வெட்டுவார்கள். அந்தக் கணக்கில் அடங்காத உடம்புகள் மாஸ்டரிடம் வருகின்றன. அப்படி வரும் பேண்ட்டை அவர் எப்படிப் படிக்கிறார், எப்படித் திருத்துகிறார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆல்டரேஷன் கடைகளில் அதிகம் கேட்கும் குறை ஒன்றுதான்: “சீட்டு பிடிக்குது மாஸ்டர், கொஞ்சம் பிரிச்சு விடுங்க.” இந்த வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றித் தருபவர் வேலை தெரிந்தவர். கொஞ்சம் பொறுத்து, உட்காரச் சொல்லிப் பார்ப்பவர் கலை தெரிந்தவர் என்பேன். ஏனென்றால் சீட் பிடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சுற்றளவு போதாமல் இருப்பது. மற்றொன்று, கவட்டு வளைவின் நீளம் போதாமல் இருப்பது. முன் இடுப்பில் தொடங்கி, கால்களுக்கு இடையே புகுந்து, பின் இடுப்பில் ஏறி முடிகிறதே ஒரு தையல், அதன் நீளத்தைச் சொல்கிறேன். முதல் குறைக்குப் பிரித்து விடுவது மருந்து. இரண்டாவதற்கு அது மருந்தே இல்லை. ஆனால் அணிந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி இறுக்கமாகத்தான் தெரியும்.

எது என்று கண்டுபிடிக்கத் துணியே உதவுகிறது. துணியில் விழும் கோடுகள் குறை இருக்கும் இடத்தை நோக்கி ஓடும். பின்பக்கத்தின் குறுக்கே படுக்கையாகக் கோடுகள் விழுந்து, பாக்கெட் வாய் விரிந்து நின்றால் சுற்றளவு குறைவு. கவட்டிலிருந்து புறப்பட்டுச் சரிவாக இடுப்புப் பக்கம் ஏறும் கோடுகள் இருந்தால், குறை வளைவில். அந்தக் கோட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். துணி கையோடு வராமல் விறைத்து நின்றால் அங்கே துணி பற்றவில்லை. மடிப்பாகக் கிள்ளி எடுக்க முடிந்தால் துணி மிஞ்சி நிற்கிறது. இரண்டும் தூரத்தில் பார்க்கும்போது சுருக்கம்தான். கிள்ளிப் பார்க்காமல் கத்தரியை எடுக்கும் மாஸ்டரை நம்பக் கூடாது.

ஒரு பேண்ட்டை முழுதாகப் பார்ப்போம். முடிச்சூரிலிருந்து தினமும் பைக்கில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போகிற ஒருவருடையது. ரெடிமேடாக வாங்கியது. சீட் தையல் இரண்டு முறை விட்டுப் போயிருந்தது. பின்பக்கத்துக்குக் கீழே சரிவான கோடுகள். வண்டியில் உட்கார்ந்தால் பெல்ட்டின் பின்பகுதி கீழே இறங்கிச் சட்டை வெளியே வந்துவிடும். “பிரிச்சு விட்டா இடுப்புதான் லூஸாகும் தம்பி, உட்காருங்க பார்ப்போம்” என்றார் மாஸ்டர். பெல்ட் கீழே இறங்கியதைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. வளைவு நீளம் பற்றாதபோது அது தனக்கு வேண்டிய துணியை இடுப்பிலிருந்துதான் இழுத்துக்கொள்ளும்.

அளந்து பார்த்தார். உடம்பின் சீட் சுற்றளவு 40 அங்குலம். பேண்ட்டில் அதே இடம் 42½. சுற்றளவில் குறை இல்லை. அடுத்து, பெல்ட் பட்டியின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, கால்களுக்கு இடையே டேப்பை விட்டுப் பின்னால் ஏற்றினார். முன்பக்கம் கவடு வரை 11½, பின்பக்கம் 16½, மொத்தம் 28. பேண்ட்டின் தையலை அளந்தால் முன்பக்கம் அதே 11½, பின்பக்கம் 15தான். ஒன்றரை அங்குலம் பின் வளைவில் மட்டும் குறைகிறது. இவருக்கு நடுத்தையலை மேலே பிரித்து விட்டிருந்தால் இடுப்பு தொளதொளவென்று ஆகியிருக்கும். சீட் பிடிப்பது பிடித்தபடியே இருந்திருக்கும்.

அந்த ஒன்றரை அங்குலத்துக்கு அவர் மூன்று இடங்களில் துணி தேடினார். முதலில் காலின் உள்பக்கத் தையல். பின்பாகத்தில் உள்ளே மடிந்திருந்த துணியில் அரை அங்குலம் விட இடமிருந்தது. கவடு முனையில் அரை அங்குலம் வெளியே விட்டு, கீழே எட்டு அங்குலத்துக்குள் பழைய தையலோடு கலக்கும்படி கோடு போட்டார். இதனால் வளைவும் நீண்டது, தொடைக்கும் இடம் கிடைத்தது.

இரண்டாவது இடம்தான் இந்தக் கலையின் மையம். பின் வளைவு செங்குத்தாக இறங்கிவந்து கவட்டை நோக்கித் திரும்பும் மூலை இருக்கிறதல்லவா, அங்கே பழைய தையலுக்கு மூன்று நூல் உள்ளே தள்ளிப் புதுத் தையல் போட்டார். தெரியாதவர் பார்த்தால் பதறிப்போவார். இறுக்கமான பேண்ட்டை யாராவது இன்னும் உள்ளே பிடிப்பார்களா? ஆனால் வளைவு உள்ளே போகப் போக மூலை ஆழமாகிறது, கோடு நீள்கிறது. பின்பக்கத்தின் பருமன் உட்கார ஒரு குழி கிடைக்கிறது. கவட்டு வளைவில் துணியை எடுத்தால் இடம் கூடும். உடைகளில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இதில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஆழப்படுத்துவது மூலையை மட்டும்தான். கவடு முனையைக் கீழே இறக்கிவிடக் கூடாது. இறக்கினால் நிற்கும்போது சுகமாகத் தெரியும். ஆனால் அக்குள் தாழ்ந்த சட்டையில் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே வருவதுபோல, கால் எடுத்து வைக்கும்போது பேண்ட் முழுவதும் கூடவே இழுபடும். வண்டியில் காலைத் தூக்கிப் போடும்போது தையல் விடுவது இப்படி இறக்கிய பேண்ட்டில்தான் அதிகம். இன்னொன்று, புதுத் தையல் போட்ட பின் பழைய விளிம்பை வெட்டியாக வேண்டும். பழைய விளிம்பு புதுக் கோட்டைவிடக் குட்டை. அதை வெட்டாமல் விட்டால், உள்ளே இருந்தபடி புதுத் தையலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செய்த வேலை வீணாகும். மாஸ்டர் முதலில் நீளத் தையலாக ஓட்டி, போட்டுப் பார்க்கச் சொல்லி, உட்கார்ந்து எழுந்த பிறகுதான் மூன்று நூல் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டினார். வெட்டிய துணி திரும்பி வராது என்பதால் அந்த வரிசை முக்கியம்.

மூன்றாவது, பெல்ட் பட்டியைப் பின்பக்கம் மட்டும் பிரித்து, உள்ளே இருந்த துணியில் இரண்டு நூல் மேலே ஏற்றித் திரும்பத் தைத்தார். எல்லாம் சேர்த்து ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே கிடைத்தது. ஒன்றரை கிடைக்கவில்லை. கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன, பெல்ட் இறங்குவது குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. தைத்து முடித்த பேண்ட்டில் இல்லாத துணியைக் கொண்டுவர முடியாது என்று அவர் நேராகவே சொன்னார். ஜீன்ஸாக இருந்திருந்தால் இந்த அளவுகூடக் கிடைத்திருக்காது. அதில் தையல் விளிம்பைச் சுருட்டி மடித்து இரட்டை ஓட்டாக அடித்துவிடுவதால் விடுவதற்குத் துணியே இருக்காது.

கடைசித் தையலைப் பற்றி ஒரு வார்த்தை. வளைவின் அடிப்பகுதி துணியின் இழைக்குச் சாய்வாக ஓடுகிறது. உட்காரும்போது அது நீளும். தையல் நூல் கூடவே நீளாவிட்டால் அறுந்துபோகும். தொழிற்சாலைகளில் இதற்காகவே இந்த இடத்தில் நீண்டு கொடுக்கும் சங்கிலித் தையல் போடுவது வழக்கம். சாதாரண மெஷின் வைத்திருக்கும் மாஸ்டர் தையலைப் பொடியாக வைத்து, துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பிடித்து ஓட்டுகிறார். அதன் மேலேயே இன்னொரு ஓட்டு. இரண்டு முறை விட்டுப்போன அந்தச் சீட்டில் முன்பு தைத்தவர் துணியை இழுக்காமல் தடித்த நூலால் இறுக்கமாக அடித்திருந்தார். நூல் தாங்கிய இடத்தில் துணியே கிழியத் தொடங்கியிருந்தது.

இதே உடம்புக்குப் புதுப் பேண்ட் வெட்டினால் வேலை சுலபம், விளைவும் சுத்தம். காகித வெட்டில் பின்பாகத்தின் சீட் கோட்டில் நடுப்பக்கத்திலிருந்து பக்கத் தையல் வரை ஒரு கீறல் போட வேண்டும். பக்கத் தையல் முனையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு நடுப்பக்கத்தை ஒன்றரை அங்குலம் விரிக்க வேண்டும். குறைந்த நீளம் குறைந்த இடத்திலேயே சேர்ந்துவிடும். பக்கத் தையல் மாறாது. பின்பாகத்தின் உள்கால் தையலை முன்பாகத்தைவிட மூன்று நூல் குட்டையாக வெட்டி, மேல் பகுதியை இஸ்திரியால் ஆவி வைத்து இழுத்து முன்பாகத்தோடு சமப்படுத்துவார்கள் நல்ல மாஸ்டர்கள். பின்பக்கத்துக்குக் கீழே துணி தொங்காமல் படிவதற்கு அந்த இஸ்திரி வேலைதான் காரணம்.

எதிர்க் குறையும் உண்டு. வயதானவர்களுக்குப் பின்பக்கம் தட்டையாகும்போது, அதற்குக் கீழே துணி பையாகத் தொங்கும். கிள்ளினால் தாராளமாகக் கையில் வரும். பலர் அதைப் பக்கத் தையலில் பிடித்துக் குறைக்கிறார்கள். சுற்றளவு இறுகும், பை அப்படியே இருக்கும். மிஞ்சி நிற்பது நீளம். அதைப் பட்டிக்குக் கீழே பின் நடுவில் குறைத்தால்தான் போகும். முன்பக்கம் ஜிப்பின் அடியிலிருந்து விசிறிபோல் கோடுகள் விரிந்தால், முன் கவட்டு முனை குட்டை அல்லது தொடை இறுக்கம். முன்பாகத்தின் உள்கால் தையலைக் கொஞ்சம் விட்டால் இரண்டுக்குமே இடம் கிடைக்கும்.

அடுத்த முறை பேண்ட் தைக்கக் கொடுக்கும்போது, நின்று எடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் ஓர் அளவு எடுக்கச் சொல்லுங்கள். முன்னிருந்து பின் வரை வளைவின் அளவையும் கேளுங்கள். பின் நடுத்தையலில் மேலே ஒன்றரை அங்குலமும், பின்பாகத்தின் உள்கால் தையலில் முக்கால் அங்குலமும் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். டிரையலுக்குப் போகும்போது கண்ணாடி முன் நிற்பதோடு விடாமல், கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் ஏறி ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.