செலவு போக மிச்சம்

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சம்பளம் கிடையாது, பில் போட்டுத்தான் பணம். 2025-26 நிதியாண்டில் அவருக்கு வந்த கட்டணம் மொத்தம் 20 லட்சம் ரூபாய். நிறுவனங்கள் பணம் தரும்போதே அந்த மொத்தத் தொகையின் மீது வரி பிடித்துவிடுகின்றன. ஆனால் சட்டம் வரி கேட்பது மொத்தத்துக்கு அல்ல, தொழில் செலவு போக மிஞ்சும் வருமானத்துக்கு.

எது தொழில் செலவு? முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவு. சர்வர் வாடகை, மென்பொருள் சந்தா, படம் வரைந்து கொடுத்தவருக்குத் தந்த கூலி, இணையக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு எல்லாம் சேர்ந்து 2,24,000. வீட்டு வாடகை மாதம் 15,000. வீட்டில் மூன்றில் ஒரு பங்கான ஓர் அறை அலுவலகம் என்பதால், ஆண்டுக்கு 60,000 மட்டும் கழியும். முழு வாடகையையும் எழுதினால் அதிகாரி ஏற்கமாட்டார். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், உண்மையான செலவே என்றாலும் பொதுவாகக் கழிக்க முடியாது.

பலர் தடுமாறுவது லேப்டாப்பில். டிசம்பரில் 80,000 கொடுத்து வாங்கினார். பல வருஷம் உழைக்கும் பொருள் என்பதால் அதன் விலை ஒரே ஆண்டில் கழியாது. கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதிதான். ஆக இந்த ஆண்டு 16,000. மீதி 64,000 மீது அடுத்த ஆண்டு 40 சதவீதம்.

கூட்டினால் செலவு 3 லட்சம், வருமானம் 17 லட்சம். புதிய வரி முறையில் 1,40,000 ரூபாய் வரி, அதன்மேல் செஸ்.

இன்னொரு வழியும் உண்டு. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், தகவல் தொழில்நுட்பத்தினர் போன்ற சில தொழில்களுக்கு உத்தேச வருமான முறை. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை வருமானமாகக் காட்டலாம். இவருக்கு அது 10 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் வரியே வராது. பிடித்த பணம், கணக்கு தாக்கல் செய்தால் திரும்பி வரும்.

ஆனால் மற்ற பாதியில் எல்லாச் செலவும் அடக்கம். வாடகையும் லேப்டாப் தேய்மானமும் தனியாகக் கழிக்கக் கிடைக்காது. உண்மைச் செலவு பாதிக்கு மேல் போகிறது, வருமானம் குறைவு என்று காட்ட விரும்பினால், கணக்குப் புத்தகம் எழுதி ஆடிட்டரிடம் தணிக்கையும் செய்யவேண்டி வரும். அதனால் ஆண்டு முடியும்போது முதலில் பார்க்கவேண்டியது, உங்கள் செலவு வரவில் பாதியைத் தொடுகிறதா என்பதைத்தான்.